ஒன்பது புள்ளிகளைப் படிப்பது எப்படி?

கிரிக்கெட் மைதானத்தை மேலிருந்து வரைந்த படம் ஒன்று பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை வட்டம், நடுவில் பழுப்பு நிறத்தில் பிட்ச், வட்டம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஸ்லிப், கல்லி, பாயின்ட், கவர், மிட் ஆஃப், கவ் கார்னர் என்று ஓர் அங்குல இடம்கூட விடாமல் எழுதியிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்தவர்கள்கூட, தொலைக்காட்சியில் ஓவருக்கு நடுவே மூன்று நொடி காட்டப்படும் ஃபீல்டிங் படத்தைப் பார்த்ததும் தடுமாறுவார்கள். முதல் படத்தில் முப்பது பெயர். இரண்டாவதில் புள்ளிகள் மட்டும், அதுவும் ஒன்பதுதான். எந்தப் புள்ளிக்கு எந்தப் பெயர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பெயர்களைப் பட்டியலாகப் படித்ததில்தான் சிக்கலே. ஒவ்வொரு பெயரும் இரண்டே இரண்டு தகவல்களைத் தருகிறது: பேட்ஸ்மேனிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம். இது பிடிபட்டுவிட்டால் முப்பது பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

படம் கையில் வந்ததும் முதலில் தேட வேண்டியது பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேனை. பிட்சின் இரண்டு முனையிலும் ஸ்டம்புகள் இருக்கும். அவற்றில் எதன் பின்னால் தனியாக ஒரு புள்ளி விக்கெட் கீப்பராக நிற்கிறதோ, அதுதான் அவர் இருக்கும் முனை. எல்லாத் திசைகளும் அவரை மையமாக வைத்தே கணக்கிடப்படுகின்றன. மைதானத்தின் நடுப்புள்ளியை வைத்து அல்ல. பிட்ச் 22 கெஜம், அதாவது சுமார் 20 மீட்டர் நீளம் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. மைதானத்தின் மையத்திலிருந்து நேர் பக்கவாட்டில் நிற்பவரை ஸ்கொயர் லெக் என்று பலர் தவறாகச் சொல்வது இதனால்தான். பேட்ஸ்மேனிலிருந்து பார்த்தால் அவர் மிட் விக்கெட்டில் நிற்கிறார்.

அடுத்தது ஆஃப், லெக். வலக்கை பேட்ஸ்மேன் பந்துவீச்சாளரைப் பார்க்கும்போது அவருடைய வலப்பக்கம் ஆஃப், இடப்பக்கம் லெக். தொலைக்காட்சியில் நாம் பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். ஆகவே வலக்கை ஆட்டக்காரரின் ஆஃப் பக்கம் நம் திரையில் இடப்பக்கமாக விழுகிறது. பெரும்பாலான படங்களும் பேட்ஸ்மேனை மேலேயும் பந்துவீச்சாளரைக் கீழேயும் வைத்தே வரையப்படுகின்றன. எனவே அவற்றிலும் ஆஃப் இடப்பக்கம்தான். யாராவது தலைகீழாக, பேட்ஸ்மேனைக் கீழே வைத்து வரைந்தால் ஆஃப் வலப்பக்கம் போய்விடும். கீப்பரைத் தேடாமல் பெயர் சொல்லத் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இப்போது பேட்ஸ்மேனை ஒரு கடிகாரத்தின் நடுவில் நிற்க வைப்போம். கீப்பர் 12 மணியில், பந்துவீச்சாளர் 6 மணியில். வலக்கை ஆட்டக்காரருக்கு 9 மணி பாயின்ட், 3 மணி ஸ்கொயர் லெக். 6-லிருந்து 9-ஐ நோக்கி ஏறினால் முதலில் மிட் ஆஃப், பிறகு எக்ஸ்ட்ரா கவர், 8 மணிவாக்கில் கவர், அப்புறம் பாயின்ட். பாயின்ட்டைத் தாண்டி மேலே போனால் கல்லி, அதன் பிறகு கீப்பரை ஒட்டி ஸ்லிப்புகள். மறுபக்கம் 6-லிருந்து 3-ஐ நோக்கி மிட் ஆன், 4 மணிவாக்கில் மிட் விக்கெட், 3-இல் ஸ்கொயர் லெக், அதைத் தாண்டி 1 மணிக்கு அருகே ஃபைன் லெக். திசை அவ்வளவுதான். எஞ்சிய சொற்கள் பெரும்பாலும் தூரத்தைச் சொல்பவை. சில்லி என்றால் மட்டைக்கு மிக அருகே, ஷார்ட் என்றால் வழக்கமான இடத்தைவிட நெருக்கத்தில், டீப் அல்லது லாங் என்றால் எல்லைக் கோட்டருகே. ஆகவே 9 மணித் திசையில் பேட்ஸ்மேனுக்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்பவர் சில்லி பாயின்ட், நடுத்தரத் தூரத்தில் பாயின்ட், கோட்டருகே போனால் டீப் பாயின்ட். 11 மணித் திசையில் கோட்டருகே நிற்பவருக்கு மட்டும் தர்ட் மேன் என்று தனிப்பெயர் வந்துவிட்டது. மிட் ஆஃப் எல்லைக்குப் போனால் லாங் ஆஃப், மிட் ஆன் போனால் லாங் ஆன்.

ஒரு ஃபீல்டர் தம் இடத்தில் நின்று எவ்வளவு பரப்பைக் காக்க முடியும் என்பது பலரும் கணக்குப் போட்டுப் பார்க்காத விஷயம். ஒருநாள் போட்டிகளில் தெரியும் உள்வட்டம் 30 கெஜம், அதாவது சுமார் 27 மீட்டர். அந்தக் கோட்டில் கவரில் ஒருவர் நிற்கிறார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து அவரை எட்ட ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மட்டையிலிருந்து பந்து எந்தப் பக்கம் கிளம்பியது என்று கண்ணுக்குப் படவே கொஞ்ச நேரம் போய்விடும். மீதமுள்ள நேரத்தில் இரண்டு எட்டு வைத்துப் பாய்ந்தால் பக்கத்துக்கு மூன்று நான்கு மீட்டர். ஆக, ஏழெட்டு மீட்டர் அகலம்தான் அவருக்குச் சொந்தம். ஆஃப் பக்க அரைவட்டம் அந்தத் தூரத்தில் 85 மீட்டர் வளைவு. நான்கு பேரை வரிசையாக நிறுத்தினாலும் மூன்றில் ஒரு பங்குதான் மூடுகிறது. மீதி அத்தனையும் ஓட்டை.

எல்லைக் கோட்டில் கதை வேறு. 65 மீட்டர் தூரத்தில் நிற்பவரிடம் தரையோடு உருண்டு வரும் பந்து வேகம் குறைந்துகொண்டே வருகிறது. மூன்று நொடிக்கு மேலேயே ஆகும். அதற்குள் அவர் பக்கத்துக்குப் பதினைந்து பதினேழு மீட்டர் ஓடிவிடலாம். ஒரே ஆள் முப்பது மீட்டருக்கும் மேல் காக்கிறார். ஆனால் அங்கே எல்லைக் கோட்டின் சுற்றளவு 400 மீட்டரைத் தாண்டும். ஐந்து பேர் நின்றாலும் பாதிகூட மூடாது. அதோடு, அவர் பந்தை எடுத்து எறிவதற்குள் ஒரு ரன் நிச்சயம். உள்வட்டக்காரர் ஒரு ரன்னைத் தடுக்கிறார், கோட்டுக்காரர் நான்கைத் தடுக்கிறார் என்று சொல்வது இதனால்தான். முழு மைதானத்தையும் மூடும் ஃபீல்டிங் அமைப்பு என்று ஒன்று உலகில் இல்லை. எதைத் திறந்துவிடலாம் என்று கேப்டன் எடுக்கும் முடிவுதான் அந்த ஒன்பது புள்ளிகள்.

மட்டைக்கு அருகே நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஓட நேரமே கிடையாது. ஸ்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேகப்பந்து வீச்சில் கீப்பர், பந்து தம் இடுப்பு உயரத்துக்கு வரும் இடத்தில் நிற்பார். முதல் ஸ்லிப் அவருக்குச் சற்றுப் பின்னால். மற்றவர்கள் கல்லியை நோக்கி வரிசையாக. இருவர் கைகளைப் பக்கவாட்டில் நீட்டினால் விரல்நுனிகள் ஏறக்குறைய தொடும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து அவர்களை எட்ட அரை நொடியை ஒட்டிய நேரமே ஆவதால், ஒவ்வொருவருக்கும் கைக்கெட்டும் தூரம் மட்டுமே பொறுப்பு. அமைப்பு சரியா தவறா என்பதைப் பந்தே சொல்லிவிடும். விளிம்பில் பட்டவை தொடர்ந்து கைக்கு முன்னே தரையில் விழுந்தால் வரிசை மிகவும் பின்னால் நிற்கிறது. பந்து பழசாகி, பிட்ச் மெதுவாகிவிட்ட பிற்பகலில் கீப்பரும் ஸ்லிப்பும் சேர்ந்து இரண்டடி முன்னே நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஸ்லிப்புக்கும் இரண்டாம் ஸ்லிப்புக்கும் நடுவே பந்து ஓடி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் இடைவெளி தப்பு, அல்லது யார் போவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை.

ஃபார்வர்டு ஷார்ட் லெக் இன்னும் குறுகலானது. லெக் பக்கம், மட்டையிலிருந்து ஓரிரு மீட்டரில் குனிந்து நிற்பவர். சுழற்பந்து மட்டையில் பட்டு, காலில் கட்டிய பேடில் பட்டு எழும்பும்போது அதைத் தரையில் விழுமுன் பிடிப்பதே அவர் வேலை. ஏக்நாத் சோல்கர் இந்த இடத்துக்காகவே நினைக்கப்படுபவர்; 27 டெஸ்ட்டுகளில் 53 கேட்ச்சுகள், தலைக்கவசம் இல்லாத காலத்தில். 1971-இல் ஓவல் டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸில், நம் சென்னை வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் கொடுத்த கேட்ச்சை முன்னால் முழு நீளத்துக்குப் பாய்ந்து பிடித்தார். அந்த இன்னிங்ஸில் இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது. இந்தியா இங்கிலாந்து மண்ணில் முதல்முறையாகத் தொடரை வென்றது. படத்தில் அந்த இடம் ஒரு சின்னப் புள்ளிதான். அது காக்கும் பரப்பும் ஒரு பாயின் அளவுகூட இருக்காது. ஆனால் அது அங்கே நின்றாலே பேட்ஸ்மேன் தடுத்தாடக் கொஞ்சம் தயங்குவார். அந்தத் தயக்கமும் அந்த இடத்தின் வேலையில் சேர்ந்ததுதான்.

இனி ஒரு முழுப் படத்தைப் படித்துப் பார்ப்போம். ஒருநாள் போட்டி, 25-ஆவது ஓவர். ஆஃப் ஸ்பின்னர் வீசுகிறார். வலக்கை ஆட்டக்காரர் ஆடுகிறார். கீப்பர் மேலே, பந்துவீச்சாளர் கீழே. ஒன்பது புள்ளிகளில் நான்கு இடப்பக்கம், ஐந்து வலப்பக்கம். உள்வட்டத்துக்கு வெளியே நான்கு, உள்ளே ஐந்து.

இடப்பக்கத்தில் தொடங்கலாம். 9 மணிக்கு, வட்டத்தின் விளிம்பில் ஒருவர்: பாயின்ட். ஏழரை மணிக்கு விளிம்பில் ஒருவர்: எக்ஸ்ட்ரா கவர். ஆறரை மணிக்கு ஒருவர், அவரும் உள்ளேதான்: மிட் ஆஃப். நான்காமவர் இவர்களுக்குப் பின்னால், எல்லைக் கோட்டில், 8 மணித் திசையில்: டீப் கவர், பேச்சுவழக்கில் ஸ்வீப்பர். பாயின்ட்டுக்கும் எக்ஸ்ட்ரா கவருக்கும் நடுவே ஊடுருவும் எல்லாப் பந்துக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் ஓடிப்போய் எடுத்தால் பேட்ஸ்மேனுக்கு ஒரு ரன். அவர் அங்கே இல்லாவிட்டால் நான்கு. அந்த ஒரு ரன்னை விட்டுக்கொடுக்கவே கேப்டன் அவரை அங்கே அனுப்பியிருக்கிறார்.

வலப்பக்கம் ஐந்தரை மணித் திசையில் எல்லைக் கோட்டில் லாங் ஆன். 4 மணித் திசையில் கோட்டில் டீப் மிட் விக்கெட். 3 மணியில் கோட்டில் டீப் ஸ்கொயர் லெக். உள்ளே, 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே மிட் விக்கெட். 1 மணிக்கு அருகே வட்டத்தின் விளிம்பில் ஷார்ட் ஃபைன் லெக். ஆஃப் ஸ்பின்னரின் பந்து வலக்கை ஆட்டக்காரருக்கு உள்ளே திரும்பும். திரும்புகிற பக்கமே அடிப்பது எளிது என்பதால் ஆட்கள் லெக் பக்கம் குவிந்திருக்கிறார்கள். தூக்கி அடித்தால் லாங் ஆனும் டீப் மிட் விக்கெட்டும் பிடிப்பார்கள். மண்டியிட்டு ஸ்வீப் அடித்தால் டீப் ஸ்கொயர் லெக். ஸ்வீப்பில் மட்டையின் மேல்விளிம்பில் பட்டுத் தப்பியது பின்னால் எழும்பினால் ஷார்ட் ஃபைன் லெக். கவர் பக்கமிருந்து கீப்பருக்கு எறியும் பந்து தவறினால், ஓடிவந்து பின்னால் நிற்பதும் அவர்தான். படத்தில் இந்த இரண்டாவது வேலை தெரியாது. களத்தில் அதைச் செய்யாதவர் ஓவர்த்ரோவில் ரன் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

இப்போது எங்கே ஆள் இல்லை என்று பாருங்கள். ஸ்லிப் காலி, தர்ட் மேன் காலி. அதாவது 10 மணி முதல் 12 மணி வரை யாரும் இல்லை. மிட் ஆஃப் உள்ளே நிற்பதால் அவர் தலைக்கு மேல் அடித்தால் பின்னால் ஆளில்லை. பந்துவீச்சாளர் சொல்ல வருவது இதுதான்: “நான் ஸ்டம்பை நோக்கியே வீசுவேன். உள்ளே திரும்பும் பந்தை எதிர்த்திசையில், மிட் ஆஃபுக்கு மேல் அடிக்க முடிந்தால் அடி.” அவர் அளவு தப்பி ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குட்டையாகப் போட்டுவிட்டால் பேட்ஸ்மேன் பாயின்ட்டுக்குப் பின்னால் வெட்டி நான்கு ரன் எடுப்பார், அந்தப் பந்துக்கு ஃபீல்டிங் அமைப்பில் இடமே இல்லை. வர்ணனையாளர்கள் “ஃபீல்டுக்கு ஏற்ப வீசவில்லை” என்று சலித்துக்கொள்வது இதைத்தான்.

ஒரு ரன் ஓடி முனை மாறி, இடக்கை ஆட்டக்காரர் வந்துவிட்டால் மொத்தப் படமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டுவிடும். பெயர்கள் மாறாது, ஆட்கள் நடக்க வேண்டும். வலப்பக்கம் டீப் ஸ்கொயர் லெக்கில் நின்ற இடம் இப்போது டீப் பாயின்ட். ஆனால் அப்படியே புரட்டிவிட்டால் போதாது. ஆஃப் ஸ்பின் இடக்கை ஆட்டக்காரருக்கு வெளியே திரும்பும் பந்து. இப்போது மட்டையின் விளிம்பில் படும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆகவே லெக் பக்கத்திலிருந்து ஒருவரைக் கழற்றி ஸ்லிப்பில் நிறுத்துவார்கள். வலக்கை, இடக்கை ஜோடி ஆடும்போது ஒவ்வொரு ஒற்றை ரன்னுக்கும் இந்த இடம்பெயர்வு நடக்கிறது. களைப்பில் ஒருவர் தப்பான இடத்தில் நின்றுவிட்டால் அதைக் கவனிக்கிற பேட்ஸ்மேன் அங்கேதான் அடிப்பார். 2024 டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில் சூர்யகுமார் யாதவ் எல்லைக் கோட்டுக்கு வெளியே போய், உள்ளே வந்து பிடித்த கேட்ச்சை நினைத்துப் பாருங்கள். அவர் நின்ற இடம் லாங் ஆஃப். அடித்த டேவிட் மில்லர் இடக்கை ஆட்டக்காரர் என்பதால், நமது கடிகாரத்தில் அந்த லாங் ஆஃப் வலப்பக்கம் இருந்தது. அதை லாங் ஆன் என்று அடித்துச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், மட்டை பிடித்த கையைப் பார்க்கவில்லை.

வரைந்த படமே தவறாக இருக்கலாம். சரிபார்க்க எளிய வழிகள் உண்டு. பந்துவீச்சாளரும் கீப்பரும் போக ஒன்பது பேர்தானா என்று முதலில் எண்ணுங்கள். பிறகு, லெக் பக்கத்தில் பேட்ஸ்மேனின் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால், அதாவது 3 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது நோ பால். 1932–33 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஜார்டினின் இங்கிலாந்து அணி லெக் பக்கம் ஆட்களைக் குவித்து, லார்வுட்டை உடம்பை நோக்கி வீச வைத்த கசப்புக்குப் பிறகு, பின்னாளில் வந்த கட்டுப்பாடு இது. ஒருநாள், டி20 போட்டிகளில் லெக் பக்கம் முழுவதிலும் சேர்த்தே ஐந்து பேருக்கு மேல் கூடாது; நாம் பார்த்த படம் சரியாக அந்த வரம்பில் நிற்கிறது. உள்வட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் என்பது ஓவரைப் பொறுத்தது. ஒருநாள் போட்டியில் முதல் பத்து ஓவரில் இரண்டு, 40 வரை நான்கு, கடைசிப் பத்தில் ஐந்து. டி20-இல் முதல் ஆறு ஓவரில் இரண்டு, பிறகு ஐந்து. பந்து கையிலிருந்து விடுபடும் கணத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே கணக்கு. டெஸ்ட்டில் வட்டமும் இல்லை, இந்த எண்ணிக்கையும் இல்லை. லெக் பக்கப் பின்புறத்து இருவர் விதி மட்டும் உண்டு.

இந்த ஐந்து என்ற எண்ணிக்கையால் ஒரு உலகக் கோப்பையின் கடைசிப் பந்தே தீர்மானமானது. 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். பாகிஸ்தானுக்குக் கடைசி நான்கு பந்தில் ஆறு ரன் தேவை. ஜோகிந்தர் சர்மா வீசுகிறார். நேராகவும் பக்கவாட்டிலும் பெரிய அடிகளைத் தடுக்க எல்லைக் கோட்டுக்கு ஆட்களை அனுப்பிய பிறகு, ஃபைன் லெக்கை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஸ்ரீசாந்த் ஷார்ட் ஃபைன் லெக்கில். மிஸ்பா உல் ஹக் அந்தப் படத்தைச் சரியாகவே படித்தார்: 1 மணித் திசையில் உள்ளே ஓர் ஆள், அவருக்குப் பின்னால் வெற்றுப் புல். அவர் தலையைத் தாண்டிவிட்டால் நான்கு ரன், ஆட்டம் கைக்கு வந்துவிடும். ஸ்டம்புக்குக் குறுக்கே நகர்ந்து பந்தைத் தோளுக்கு மேலாகக் கரண்டிபோல் வாரிவிட்டார். ஜோகிந்தரின் பந்தில் அந்த அடிக்குத் தேவையான வேகம் இல்லை. பந்து தூரம் போகாமல் உயரம் போனது. காலியிடத்தைக் காக்க யாருமே இல்லாத திசையில், அதன் இந்தப் பக்கம் நின்ற ஒரே ஆளான ஸ்ரீசாந்த் கைக்கு அது இறங்கியது. இந்தியா ஐந்து ரன்னில் வென்றது.